டயல் டோன் இல்லை, மோடத்தில் விளக்கு எரிகிறது: பழுது கம்பியிலா, கருவியிலா?

கோத்தகிரிக்குக் கீழே தேயிலைச் சரிவுகளில் இருக்கும் எங்கள் வீடுகளுக்கு இணையம் இன்னும் செப்புக் கம்பி வழியாகத்தான் வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கி, பகலிலும் மஞ்சு இறங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தக் கம்பிகள் ஏதாவது ஒரு வகையில் தொல்லை தருவது வழக்கம். அவற்றுள் மிகவும் குழப்பமான பழுது ஒன்றைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். தொலைபேசியைக் காதில் வைத்தால் டயல் டோன் இல்லை. ஆனால் மோடத்தில், கம்பி வழியே நிலையத்தோடு தொடர்பு இருப்பதைக் காட்டும் டிஎஸ்எல் விளக்கு அசையாமல் எரிகிறது, இணையமும் எப்படியோ ஊர்ந்து ஊர்ந்து ஓடுகிறது. இந்த நிலையில் புகார் கொடுத்தால், லைன் பிரிவினர் மோடத்தைக் காட்டுவார்கள், பிராட்பேண்ட் பிரிவினர் லைனைக் காட்டுவார்கள், நடுவில் நாம் புது மோடம் வாங்கிவிடுவோம்.

எங்கள் வீட்டுக்கு வந்த லைன்மேன் கேட்ட கேள்வி நியாயமாகவே ஒலித்தது. "சார், டிஎஸ்எல் லைட்டு எரியுதே, அப்புறம் லைன் எப்படிப் போயிருக்கும்? உங்க போனைப் பாருங்க." அவர் பல ஆண்டுகள் கம்பம் ஏறிய மனிதர்; சொன்னது சோம்பலால் அல்ல. விளக்கு எரிந்தால் கம்பி நன்றாக இருக்கிறது என்று நினைப்பது இயல்புதான். ஆனாலும் அது தவறு, ஏன் தவறு என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

தொலைபேசி நிலையத்திலிருந்து நம் வீட்டுக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன. தொலைபேசி இயங்குவதற்கு இந்த இரண்டு கம்பிகளின் வழியாக ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்சாரம் ஒன்றில் வந்து மற்றொன்றில் திரும்பிப் போக வேண்டும். கைப்பிடியை எடுத்தவுடன் அந்தச் சுற்றில் மின்னோட்டம் பாய்வதைக் கண்டுதான் நிலையம் டயல் டோனை அனுப்புகிறது. பேச்சு, 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த அலைவரிசையில் செல்கிறது. டிஎஸ்எல் வகைகளில் ஒன்றான ஏடிஎஸ்எல் இணையமோ 26 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தொடங்குகிறது. நாம் அனுப்புவது 138 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், நமக்கு வருவது அதற்கு மேலே ஏடிஎஸ்எல்2 பிளஸ் முறையில் சுமார் 2200 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் இருக்கும். இப்போது இரண்டு கம்பிகளில் ஒன்று எங்கோ ஓரிடத்தில் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நேர்மின்சாரத்தால் அந்த இடைவெளியைக் கடக்க முடியாது; சுற்று முறிந்து தொலைபேசி செத்துவிடும். ஆனால் அறுந்த இரு முனைகளுக்கு இடையிலும், பக்கத்தில் ஓடும் மற்றக் கம்பியோடும் ஒரு சிறு மின்தேக்கம் எப்போதும் இருக்கிறது. உயர் அலைவரிசை, பலவீனமாக என்றாலும், அதைத் தாண்டிப் போய்விடும். மோடமும் நிலையக் கருவியும் கிடைத்த அலைகளை வைத்துக்கொண்டு குறைந்த வேகத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, விளக்கை எரியவிடும்.

இதில் கவனிக்க ஓர் அடையாளம் உண்டு. அலைவரிசை குறையக் குறைய அந்த இடைவெளியைத் தாண்டுவது கடினம் என்பதால், கீழ்ப் பகுதியில் இருக்கும் அனுப்பும் வேகம்தான் முதலில் அடி வாங்கும். என் மோடத்தில் 192.168.1.1 என்ற முகவரியைத் திறந்து டிஎஸ்எல் நிலவரப் பக்கத்தைப் பார்த்தபோது இதுதான் தெரிந்தது. லைன் நன்றாக இருந்த காலத்தில் `Downstream` 8000 கேபிபிஎஸ்ஸுக்கு அருகிலும், `Upstream` ஏறத்தாழ 900 கேபிபிஎஸ்ஸிலும், `Attenuation` 28 டெசிபெல்லிலும் இருந்ததைக் குறித்து வைத்திருந்தேன். இப்போது வரும் வேகம் 2000-ஐ ஒட்டியும், அனுப்பும் வேகம் நூற்றுச் சொச்சத்திலும் நின்றன. அட்டெனுவேஷன் 50-ஐத் தாண்டியிருந்தது. அட்டெனுவேஷன் என்பது நிலையத்திலிருந்து நம் வீட்டுக்கு வருவதற்குள் அலை எவ்வளவு வலு இழக்கிறது என்பதன் அளவு. கம்பியின் நீளம் ஒரே இரவில் கூடிவிடாது. ஆகவே, அந்த எண் திடீரென இவ்வளவு உயர்ந்தால் வழியில் ஏதோ முறிந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். லைன் நல்ல நிலையில் இருக்கும்போதே இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மோடத்தின் அடியில் ஒட்டி வைத்திருப்பது பெரிய உதவி, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாவிட்டால் 50 என்ற எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை; நிலையத்திலிருந்து தொலைவில் இருக்கும் வீட்டில் அதுவே இயல்பான அளவாக இருக்கலாம்.

சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. தீர்ப்பு சொல்ல வேண்டிய இடம், வெளிக் கம்பி வீட்டுக்குள் வந்து முடியும் ரோசெட் பெட்டி. அதற்கு வெளியே இருப்பது நிறுவனத்தின் பொறுப்பு, உள்ளே இருப்பது நம் பொறுப்பு. எனவே, முதலில் பேச்சையும் இணையத்தையும் பிரித்துவிடும் ஸ்பிளிட்டர், மோடம், மாடி அறைக்குப் போகும் இணைத் தொலைபேசி என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒரே ஒரு சாதாரணத் தொலைபேசியை நேராக ரோசெட்டில் செருக வேண்டும். சாதாரணத் தொலைபேசி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கார்ட்லெஸ் தொலைபேசி வீட்டு மின்சாரத்தில் இயங்குவது; லைன் செத்திருந்தாலும் அதன் திரையும் ஒலியும் உயிரோடு இருக்கும், அதை வைத்துச் சோதித்தால் ஒன்றும் விளங்காது. லைனிலிருந்து வரும் மின்சாரத்தில் மட்டும் இயங்கும் பழைய தொலைபேசி என்றால், கைப்பிடியை எடுத்து வாய்ப்பகுதியில் லேசாக ஊதிப் பார்க்கலாம். ஊதும் ஒலி நம் காதில் கேட்டால் லைனில் மின்னோட்டம் இருக்கிறது, டோன் மட்டும் வரவில்லை என்று பொருள். பழுது பெரும்பாலும் நிலையத்தின் பக்கம் இருக்கும். ஊதினாலும் காதில் ஒன்றும் கேட்காமல் கட்டையைப் பிடித்தது போல இருந்தால் மின்னோட்டமே இல்லை. எங்கள் வீட்டில் இரண்டாவதுதான். அதே தொலைபேசியைப் பக்கத்து வீட்டு ரோசெட்டில் செருகிப் பார்த்தேன். டோன் தெளிவாக வந்தது. தொலைபேசியின் மீதான பழி அதோடு நீங்கியது.

அடுத்தது மல்டிமீட்டர். சாதாரண மலிவுவிலை மீட்டரே போதும். நேர்மின்சாரத்தில் 200 வோல்ட் அளவுக்குத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். அளக்கும் நேரத்தில் அழைப்பு வந்தால் மணியடிக்கும் மின்சாரம் 75 வோல்ட்டுக்குக் குறையாமல் வரும், அது சுள்ளென்று அடிக்கும். ஈரக் கையோடு தொடக் கூடாது. இடி இடிக்கும்போது ரோசெட்டைத் திறக்கவே கூடாது. ஓம் அளவில் வைத்து லைனைத் தொடுவதும் வேண்டாம், லைனில் மின்சாரம் இருந்தால் மீட்டர் தவறாகக் காட்டும் அல்லது கெட்டுப்போகும்.

நல்ல லைனில், ஒன்றும் செருகாத ரோசெட்டின் இரு திருகுகளுக்கு இடையே 48 முதல் 52 வோல்ட் வரை இருக்கும். தொலைபேசியைச் செருகிக் கைப்பிடியை எடுத்தால் அது 6 முதல் 12 வோல்ட்டுக்குள் இறங்கி நிற்கும். என் லைனில் முதல் அளவு 43 வோல்ட் என்று காட்டியது. சற்றுக் குறைவுதான், ஆனால் 'லைனில் வோல்டேஜ் வருகிறது' என்று யாரும் சொல்லிவிடக்கூடிய அளவு. லைன்மேனும் அப்படியே சொன்னார். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். டிஜிட்டல் மீட்டர் லைனிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமே இழுப்பதில்லை. ஆகவே, அறுந்த கம்பி மழையில் நனைந்து மரத்தின் வழியாகவோ கம்பத்தின் வழியாகவோ மண்ணோடு கொஞ்சம் கசிந்து தொடர்பு வைத்திருந்தால்கூட, அந்தக் கசிவே சுற்றை முடித்துக் கொடுத்து மீட்டரில் நல்ல அளவைக் காட்டிவிடும். அது வேலைக்கு ஆகாத பொய் வோல்டேஜ். அதைப் பிடிக்க ஒரே வழி, லைனுக்குச் சுமை கொடுத்துப் பார்ப்பது. மீட்டரைப் பிடித்தபடியே கைப்பிடியை எடுத்தேன். 43 இருந்த இடத்தில் எண் ஒரேயடியாகச் சுழியத்துக்கு விழுந்தது. எட்டோ பத்தோ என்று நிற்கவில்லை. உயிருள்ள லைன் சுமையின் கீழ் இறங்கி நிற்கும், அறுந்த லைன் இல்லாமலே போய்விடும். வெயில் ஏறி மரம் காய்ந்த பிறகு அளந்தபோது சுமை இல்லாத அளவும் அலைபாய்ந்து பத்துக்குக் கீழே போனது என்பது, கசிவுதான் காரணம் என்பதை மேலும் உறுதிப்படுத்தியது.

அதோடு நிறுத்திக்கொண்டாலும் புகார் கொடுக்கப் போதும். ஆனால் எந்தக் கம்பி போயிற்று என்பதையும் அறிந்துகொள்ள முடியும் என்பதால் இன்னும் ஒரு படி போனேன். நிலையத்தின் மின்கலத் தொகுதியில் நேர்முனை மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே, நம் வீட்டுக்கு வரும் இரு கம்பிகளில் ஒன்றான மின்கலக் கம்பி மண்ணைவிட 48 வோல்ட் கீழே இருக்கும், மற்றதான எர்த் பக்கத்துக் கம்பி ஏறத்தாழ மண்ணின் அளவிலேயே இருக்கும். வீட்டின் எர்த் குழியிலிருந்து வரும் வெற்றுக் கம்பியில் மீட்டரின் கருப்பு முனையை வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு திருகாகத் தொட்டால் இது தெரியும். மின்சுவிட்ச் பலகையின் துளையில் முனையை விட்டு எர்த் தேட வேண்டாம், அது ஆபத்து. என் லைனில் ஒரு கம்பி −49 என்றும், மற்றது −3, −5 என்று அலைந்துகொண்டும் காட்டின. பிறகு கைப்பிடியை எடுத்துவிட்டு அளந்தேன்; இரண்டு கம்பிகளுமே −48 காட்டின. அதாவது, மின்கலக் கம்பி வழியாக மின்சாரம் வீடு வரை வந்து, தொலைபேசியைக் கடந்து மறு கம்பியிலும் ஏறி நிற்கிறது, திரும்பிப் போக வழியில்லை. எர்த் பக்கத்துக் கம்பி வெளியே எங்கோ அறுந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வேறு வகைப் பழுதுகள் வேறு விதமாகக் காட்டும். தொலைபேசி எதுவும் இல்லாமலே இரு கம்பிகளுக்கு இடையே சுழியம் காட்டி, ஒவ்வொன்றும் மண்ணுக்கு 48-இல் பாதியளவு காட்டினால், இரண்டு கம்பிகளும் வழியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லா அளவும் சுழியம் என்றால் மின்கலக் கம்பியோ இரண்டுமோ போய்விட்டன. அதை வீட்டிலிருந்து பிரித்தறிய இயலாது, பிரித்தறியத் தேவையும் இல்லை.

புகாரை எந்த வகையில் பதிவு செய்கிறோம் என்பது முக்கியம். 'இணையம் மெதுவாக இருக்கிறது' என்று சொன்னால் அது பிராட்பேண்ட் பிரிவுக்குப் போய், மோடத்தை ரீசெட் செய்யச் சொல்லும் அழைப்பில் முடியும். 'தொலைபேசியில் டயல் டோன் இல்லை, மோடமும் ஸ்பிளிட்டரும் கழற்றி ரோசெட்டிலேயே பார்த்தாயிற்று' என்று தொலைபேசிப் பழுதாகப் பதிந்தால் கம்பம் ஏறுபவருக்குப் போகும். நிலையத்தில் லைன் சோதனைக் கருவி இருக்கும். அங்கிருந்து இரு கம்பிகளுக்கு இடையிலும், ஒவ்வொரு கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலும் அளப்பார்கள். ஒரு கம்பி மட்டும் அறுந்திருந்தால் இரு கம்பிகளின் மின்தேக்கம் ஒத்துவராமல் காட்டிக்கொடுக்கும். அந்தச் சோதனை நடக்கும்போது மோடத்தைக் கழற்றி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் மோடத்துக்குள் இருக்கும் மின்தேக்கியும் கணக்கில் சேர்ந்து குழப்பும்.

லைன்மேன் மறுபடி வந்தபோது கைப்பிடியை எடுத்துவைத்து இரு கம்பிகளையும் அவர் மீட்டரிலேயே அளந்து காட்டினேன். பார்த்தவர் வேறொன்றும் கேட்கவில்லை, நேராகக் கம்பத்துக்குப் போனார். கம்பத்தில் இருந்த, வீடுகளுக்கு லைன்கள் பிரிந்து போகும் டிபி பெட்டியில் எங்கள் ஜோடியை அளந்து, அங்கே தன் தொலைபேசியை மாட்டினார், டோன் வந்தது. ஆக, நிலையத்திலிருந்து கம்பம் வரை நலம், கம்பத்திலிருந்து வீடு வரையிலான டிராப் வயரில்தான் பழுது. அந்த வயர் சாலையோரத்துச் சில்வர் ஓக் மரம் ஒன்றில் கட்டி இழுக்கப்பட்டிருந்தது. முன்பு எப்போதோ கிளை விழுந்து அறுந்தபோது முறுக்கிச் சேர்த்து, மேலே கருப்பு டேப் சுற்றி விட்டிருந்தார்கள். டேப்பைப் பிரித்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு கம்பி முறுக்குடன் இருந்தது. மற்றது பச்சைக் களிம்பு பூத்து, விரலால் தொட்டவுடன் இரண்டாக வந்துவிட்டது. அறுந்த முனைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி ஒரு நெல்மணி அளவுகூட இல்லை. டிஎஸ்எல் அதைத் தாண்டித்தான் அத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்பப்ப டேப்பைச் சுத்திட்டுப் போனா இப்படித்தான் சார்" என்று அவரே சொன்னார். இணைப்பே இல்லாமல் புது வயர் இழுக்கலாமா என்று கேட்டேன். கையிருப்பில் அவ்வளவு நீளம் இல்லை என்றார். ஜெல்லி நிரப்பிய இணைப்பான்களைப் போட்டு இரண்டு கம்பிகளையும் சேர்த்து, இணைப்பு கீழ்நோக்கித் தொங்கும்படி ஒரு வளையம் விட்டுக் கட்டினார். தண்ணீர் வயரைப் பிடித்து வந்தாலும் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், இணைப்புக்குள் போகாது. ரோசெட்டில் 50 வோல்ட், கைப்பிடியை எடுத்தால் 8. அட்டெனுவேஷன் மறுபடி 28-க்கு வந்தது.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு என்பதால், டயல் டோன் இல்லை என்றாலே லைன்தான் என்று முடிவு கட்டவும் கூடாது. அரவேணு பக்கம் தங்கும் விடுதி நடத்தும் நண்பர் ஒருவருக்குக் கோடை இடிமழைக்குப் பிறகு டோனும் இல்லை, டிஎஸ்எல் விளக்கும் இல்லை. இரண்டும் ஒன்றாகப் போனதால் கம்பிதான் அறுந்தது என்று அவர் நம்பினார். நிலையத்தில் சோதித்தவர்கள் லைன் ஷார்ட் என்றார்கள். ஸ்பிளிட்டரில் மோடம் என்று குறித்த துளையிலிருந்து வயரை உருவியவுடனே டோன் வந்துவிட்டது. மின்னல் தாக்கும்போது மிகையான மின்சாரத்தைத் தானே வாங்கிக்கொள்வதற்காக மோடத்தின் லைன் நுழைவில் ஒரு பாதுகாப்புப் பாகம் வைத்திருப்பார்கள். அது எரியும்போது பல நேரங்களில் திறந்துகொள்ளாமல் ஒட்டிக்கொண்டுவிடும். அப்புறம் மோடம் செருகியிருக்கும் வரை இரு கம்பிகளும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும், தொலைபேசிக்கு ஒன்றும் மிஞ்சாது. மோடத்தின் மற்ற விளக்குகள், வைஃபை உட்பட, நன்றாகவே எரிந்துகொண்டிருந்ததால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கழற்றிய பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகி, எதைச் செருகும்போது டோன் போகிறது என்று பார்ப்பதுதான் இதற்கு மருந்து. ஸ்பிளிட்டர் மட்டும் செருகும்போதே போனால் குற்றவாளி ஸ்பிளிட்டர், அது மலிவான பொருள்.

டோன் தெளிவாக இருந்து டிஎஸ்எல் விளக்கு மட்டும் எரியாத நிலையில் மீட்டரால் பயன் இல்லை, ஏனென்றால் நிலையத்துப் போர்ட் கெட்டாலும் மோடம் கெட்டாலும் வோல்டேஜ் சரியாகவே இருக்கும். அப்போது உங்கள் மோடத்தை ஏடிஎஸ்எல் இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு லைனில் செருகிப் பாருங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேறாக இருப்பதால் இணையம் வராமல் போகலாம். ஆனால் டிஎஸ்எல் விளக்கு அவற்றைக் கேட்பதில்லை. நல்ல மோடம் என்றால் இரண்டொரு நிமிடத்தில் விளக்கு நிலைத்து நிற்க வேண்டும்.

எங்கள் மலையில் அதிகம் அலைக்கழிப்பது முழுதாக அறுந்த கம்பி அல்ல, அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இணைப்பு. காலையில் டோன் இருக்காது; யாராவது அழைத்து மணியடித்தால் அந்த மின்சாரம் இணைப்பில் படிந்த களிம்பைக் குத்தித் திறந்துவிட, டோன் வந்துவிடும்; மதியம் லைன்மேன் வரும்போது லைன் சரியாக இருக்கும், புகார் மூடப்பட்டுவிடும், இரவில் மஞ்சு இறங்கியதும் மறுபடி போய்விடும். இப்படி இருந்தால், டோன் இல்லாத நேரத்திலேயே ரோசெட்டில் சுமை கொடுத்து அளந்த எண்ணையும், மணியடித்த பின் அளந்த எண்ணையும் நேரத்தோடு எழுதி வைத்துக் காட்டுங்கள். அதைப் பார்த்தால் அவர் ரோசெட்டையும் மோடத்தையும் தொடாமல், டிராப் வயரில் எங்கே டேப் சுற்றியிருக்கிறது என்று தேடத் தொடங்குவார்.